பிரெஞ்சில் உணவுப்பட்டியல் எழுதும் ஒப்படை: அகராதியை மூடிவைத்து, செய்முறைத் தாளைத் திறவுங்கள்

பிரான்சில் சமையல் தொழிற்பயிற்சி பெறுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஒப்படை வந்து சேரும். முன்னுணவு, முதன்மை உணவு, இனிப்பு ஆகிய மூன்றையும் கொண்ட ஓர் உணவுப்பட்டியலைப் பிரெஞ்சில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் சமைத்த முறையும் ஒவ்வாமைக் குறிப்பும் தர வேண்டும். எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் முதலில் அழகான பெயர்களைத் தேடி அகராதியைப் புரட்டினார்கள். ஒவ்வாமைக் குறிப்பைக் கடைசி நாளில் ஊகித்து எழுதினார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது. விளக்கம், சமைத்த முறை, ஒவ்வாமைக் குறிப்பு ஆகிய மூன்றுக்கும் மூலம் ஒன்றுதான்: பொருள்களும் அளவுகளும் படிமுறைகளும் அடங்கிய செய்முறைத் தாள். அதைப் பிரெஞ்சில் ஃபீஷ் தெக்னிக் என்பார்கள்.

பயிற்சிச் சமையலறைகளில் அடிக்கடி வரும் 'பிளாங்கெத் து வோ' என்னும் கன்று இறைச்சி உணவை எடுத்துக்கொள்வோம். எட்டுப் பேருக்கான தாளில் ஏறக்குறைய 1.6 கிலோ கன்றின் தோள் இறைச்சி இருக்கும். அதை வறுத்து நிறமேற்றாமல், கேரட், வெங்காயம், லீக்ஸ், செலரித் தண்டு, மூலிகைக் கட்டு ஆகியவற்றோடு நீரில் இட்டு, தளதளவெனக் கொதிக்க விடாமல் மெல்லிய சூட்டில் வேகவைப்பார்கள். பிறகு காய்கறிகளை வடிகட்டி அகற்றிவிட்டு, அந்தச் சாறு ஒரு லிட்டருக்கு 60 கிராம் வெண்ணெயும் 60 கிராம் கோதுமை மாவும் சேர்த்துச் சமைத்த வெள்ளை 'ரூ'வால் அதைக் கெட்டியாக்குவார்கள். இறுதியில் இரண்டு முட்டை மஞ்சள் கருவையும் 200 மில்லிலிட்டர் கிரீமையும் கலந்து சேர்ப்பார்கள். அதன் பின் கொதிக்கவிட்டால் கரு திரிந்துவிடும். காளானும் சிறு வெங்காயமும் தனியே வெந்து சேர, பக்கத்தில் வெண்ணெயில் வதக்கி வேகவைத்த சோறு வைக்கப்படும்.

இப்போது இந்தத் தாளின் ஒவ்வொரு பொருளையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 ஆம் இலக்க ஒழுங்குவிதி பட்டியலிட்டுள்ள 14 ஒவ்வாமைப் பொருள்களோடு ஒப்பிடுங்கள். குளூட்டன் உள்ள தானியங்கள், ஓட்டுடலிகள், முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா, பால், கொட்டைகள், செலரி, கடுகு, எள், சல்பைட்டு, லூபின், மெல்லுடலிகள் என்பனவே அவை. கோதுமை மாவினால் குளூட்டன், வெண்ணெயாலும் கிரீமாலும் பால், மஞ்சள் கருவால் முட்டை என்ற மூன்றையும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். நான்காவதான செலரிதான் விடுபடும். தட்டில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் வடிகட்டியது தண்டை மட்டுமே, அதன் புரதம் சாறோடு கலந்து குழம்பிலேயே இருக்கிறது. சாறை நீங்களே காய்ச்சாமல் வாங்கிய தூளைக் கரைத்திருந்தால், அந்தப் பொதியின் சிட்டையில் உள்ள பொருள்களையும் வாசித்தே ஆக வேண்டும். தாளில் வெள்ளை வைன் இருந்தால் சல்பைட்டையும் சரிபார்க்க வேண்டும். கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு 10 மில்லிகிராமை அது தாண்டினால் குறிப்பிடுவது கட்டாயம்.

உணவின் பெயரைப் பார்த்து ஒவ்வாமையை முடிவுசெய்யக் கூடாது என்பதற்குப் பிரெஞ்சுச் சமையலறை நிறையவே சான்று தருகிறது. 'நுவா' என்றால் வால்நட் கொட்டை. ஆனால் 'நுவா து வோ' கன்றின் தொடைப் பகுதி இறைச்சி, 'நுவா து சான் ஜாக்' ஒரு சிப்பி இனத்தின் தசை. முன்னதில் பட்டியலுக்குரிய ஒவ்வாமைப் பொருள் எதுவுமில்லை, பின்னது மெல்லுடலி. 'பேர் நுவாசெத்' என்பது பொன்னிறமாகக் காய்ச்சிய வெண்ணெய். பெயரில் ஹேசல்நட் இருந்தாலும் உள்ளே இருப்பது பால் மட்டுமே. வேர்க்கடலைக்குரிய சொல் 'அராஷிட்'. அதைக் கொட்டைகள் என்ற தலைப்பின் கீழ் அடக்கிவிட முடியாது. பட்டியலில் அதற்குத் தனி இடம் உண்டு. அதுபோலவே, லாக்டோஸ் இல்லாத கிரீமைப் பயன்படுத்தியதால் பால் இல்லை என்று எழுதுவது பெருந்தவறு. பால் ஒவ்வாமை உள்ளவரைத் தாக்குவது புரதம். அந்தக் கிரீமில் அது அப்படியே இருக்கிறது.

குறிப்பு முடிந்த பின் விளக்கத்தை எழுதுவது எளிதாகிவிடும், ஏனெனில் சமைத்த முறை ஏற்கெனவே தாளில் இருக்கிறது. பட்டியலில் முழு வாக்கியம் எழுதுவதில்லை. முதன்மைப் பொருள், அது சமைக்கப்பட்ட முறை, குழம்பு, பக்க உணவு என்ற வரிசையில் பெயர்ச்சொற்றொடர்கள் மட்டுமே வரும். முறையை உள்ளபடியே சொல்லுங்கள். மெல்லிய சூட்டில் நீரில் வெந்தது 'பொஷே'. ஓவனுக்குள் வெந்தது 'ரோத்தி'. முதலில் சிவக்க வறுத்து, பின் சிறிதளவு நீர்மத்தில் மூடி வேகவைத்தது 'பிரெசே'. பிளாங்கெத்தில் இறைச்சி நிறமேறவே இல்லை; ஆகவே அதை 'பிரெசே' என்று எழுதினால், சமையல் தெரிந்த எந்தத் திருத்துநரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இலக்கணத்தில் நம்மவர்களுக்கு அதிக மதிப்பெண் இழப்பு ஏற்படுவது இந்த முறைச்சொல்லின் ஆண்பால்-பெண்பால் இயைபில்தான். 'எபோல் து வோ பொஷே' என்ற தொடரில் 'பொஷே' அருகிலுள்ள கன்றோடு இயையாது, தலைமைச் சொல்லான தோளோடுதான் இயையும். தோளைக் குறிக்கும் 'எபோல்' பெண்பால் என்பதால் இறுதியில் 'ஈ' எழுத்து ஒன்று கூடுதலாக வர வேண்டும். ஒலிப்பில் எந்த மாற்றமும் தெரியாது என்பதால், காதால் கற்ற பிரெஞ்சு இங்கே கைகொடுக்காது. சமையலறையில் பல ஆண்டு வேலை செய்து சரளமாகப் பேசுகிறவர்களும் இதில் தவறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறைச்சொல்லுக்கும் அடியில் கோடிட்டு, அது எந்தப் பெயரைச் சேர்ந்தது என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். அடுத்ததாக, எல்லா இடத்திலும் 'உடன்' என்று பொருள்படும் 'அவெக்' போட்டு இணைக்கும் பழக்கத்தை விட வேண்டும். சுவையூட்டும் பொருளைச் சேர்க்கும்போது 'சோஸ் ஆ லா கிரெம்' என்பதுபோல் 'ஆ' என்ற முன்னிடைச்சொல்லே இயல்பாக வரும்.

அப்படி எழுதினால் முடிவான வடிவம் இவ்வாறு அமையும்:

பிளாங்கெத் து வோ ஆ லான்சியென்
எபோல் து வோ பொஷே, சோஸ் ஆ லா கிரெம், ஷாம்பினியோன் எ ஒன்யோன் கிரெலோ, ரி பிலாஃப்
கோந்தியான்: குளுத்தென் (பிளே), லே, எஃப், செல்ரி

கடைசி வரியில் குளூட்டன் என்பதோடு நிறுத்தாமல், எந்தத் தானியம் என்று அடைப்புக்குறிக்குள் கோதுமையைக் குறித்திருப்பதைக் கவனியுங்கள். கொட்டை வகைகளுக்கும் இவ்வாறே பெயர் சொல்ல வேண்டும். உணவகங்கள் இத்தகவலை எழுத்தில் தர வேண்டும் என்பது பிரான்சில் 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதைப் பட்டியலிலேயே அச்சிடலாம். அல்லது தனி ஆவணமாக வைத்து, அது எங்கே கிடைக்கும் என்று பட்டியலில் குறிப்பிடலாம். சிலர் இடம் மிச்சப்படுத்த உணவின் பக்கத்தில் எண்களை இடுகிறார்கள். அப்படிச் செய்தால், எந்த எண் எந்தப் பொருளைக் குறிக்கிறது என்ற விளக்கம் அதே பக்கத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் எல்லா உணவகங்களும் ஒரே எண் முறையைப் பின்பற்றுவதில்லை.

ஒப்படையைக் கையளிக்கும் முன், ஒவ்வாமைக் குறிப்பின் அருகே அது எந்தத் தேதியிட்ட செய்முறைத் தாளின்படி எழுதப்பட்டது என்று பென்சிலால் குறித்து வையுங்கள். பயிற்சியாளர் சோற்றுக்குப் பதிலாக முட்டை சேர்த்த தாலியாத்தெல் என்னும் பட்டையான பாஸ்தாவை வைக்கச் சொல்லலாம். பிளாங்கெத்துக்கான வரியில் கோதுமையும் முட்டையும் ஏற்கெனவே இருப்பதால் அது மாறாது. ஆனால் அதே தாலியாத்தெலை வெண்ணெயில் பொரித்த மீனுக்குப் பக்க உணவாக மாற்றினால், அந்த மீனின் குறிப்பில் கோதுமையையும் முட்டையையும் புதிதாகச் சேர்த்தாக வேண்டும்.