சேவ் தி டேட் காணொலி: ஒட்டுத் தெரியாமல் பொருத்திய நான்கு சொற்கள்

அக்காவின் தை மாதத் திருமணத்துக்கான சேவ் தி டேட் காணொலியில், என்னை மிகவும் படுத்திய பகுதி நேற்றிரவு ஒருவழியாகச் சரியாகிவிட்டது. பின்னணிக் குரல் அத்தை மகளுடையது. ஆனால் ஒவ்வோர் அடியின் கடைசிச் சொல்லை மட்டும் வேறு வேறு ஊர்களில் இருக்கும் உறவுப் பிள்ளைகள் முகம் காட்டிச் சொல்ல வேண்டும் என்பது திட்டம்.

*தை பிறந்ததும் மேளம் கொட்டும்,*
*கை நிறையவே வாழ்த்துக் கிட்டும்;*
*மதுரையில் சேரும் மொத்தச் சொந்தம்,*
*இதுவரை காணாத அன்புப் பந்தம்.*

அடியின் தொடக்கத்தில் எதுகை இருந்தாலும், காணொலியில் வேலை செய்வது இறுதியில் வரும் இயைபுதான். புதிய முகம் திரையில் தோன்றும் கணத்தில் கண் அதிலேயே நின்றுவிடுவதால், அப்போது ஒலிக்கும் சொல் காதில் பாதிதான் விழுகிறது. ஆகவே சொல் தொடங்குவதற்கு ஏழெட்டு ஃபிரேம்களுக்கு முன்பே முகத்தைக் காட்டிவிட வேண்டும்.

இதைவிடக் கடினமானது ஒலி ஒட்டு. அத்தை மகள் துணி நிறைந்த அலமாரிக்குள் தலையை நுழைத்துப் பதிவு செய்ததால் அவள் குரலில் எதிரொலியே இல்லை. சித்தப்பா மகனின் கூடத்திலோ மின்விசிறி இரைகிறது. அவன் சொல்லை நேராக ஒட்டினால் அந்த இரைச்சல் திடீரென்று முளைத்து வெட்டைக் காட்டிக் கொடுத்துவிடும். இரைச்சலை நீக்கும் வடிகட்டியைக் கூட்டியபோது குரல் தகரமாகிவிட்டது. கடைசியில், அவன் பேசுவதற்கு முந்தைய வெறும் அறைச் சத்தத்தை அரை விநாடி முன்னதாகவே பின்னணிக் குரலின் அடியில் மெல்ல ஏற்றினேன். ஒட்டு மறைந்துவிட்டது.

பெரியம்மா மகளுடைய பதிவில் வேறு சிக்கல். பலமுறை சொல்லிப் பார்த்து நீளமாக அனுப்பியிருந்த அதில் நன்றாக வந்தது கடைசி முறைதான். அங்கே உதடு ஒருபுறமும் ஒலி ஒருபுறமுமாக இருந்தன. வெளிச்சம் குறைந்தால் கைப்பேசி ஃபிரேம் வேகத்தைத் தானாகவே குறைப்பதும், சீரான வேகம் என்று எடிட்டர் எண்ணிக்கொள்வதும் சேர்ந்து, கிளிப்பின் இறுதிக்குப் போகப் போகப் பிசகு பெருகுகிறது. கோப்பின் விவரங்களைக் காட்டும் MediaInfo-வில் Frame rate mode: Variable என்று வந்தால், வெட்டுவதற்கு முன்பே சீரான வேகத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது:

```
ffmpeg -i in.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a aac out.mp4
```

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் நசுங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சியிருந்தேன். மாமா மகன் மட்டும் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னான்! பின்னணி இசை யூடியூப் ஆடியோ லைப்ரரியில் கிடைத்தது. பாடுகுரல் இல்லாத துண்டு என்பதால் சொற்களோடு மோதவில்லை.

முகூர்த்த நாளைக் காட்டும் இறுதி அட்டை இன்னும் பாக்கி. அதற்குள், ரிசப்ஷன் அழைப்பில் தாத்தாவைப் பேச வைக்கலாமா என்று அக்கா கேட்கத் தொடங்கிவிட்டாள்.