குரல் கேட்காத இடத்தில் கிண்டல்

நிறுவனத்துக்குள் எல்லாருக்கும் போகும் அறிவிப்புகளையும் பதிவுகளையும் திருத்திக் கொடுப்பது என் வேலை. பத்துப் பக்கத் தொழில்நுட்பக் குறிப்பைவிட, கோபத்தில் எழுதிய நாலு வரிக் கிண்டல்தான் என்னிடம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். குறிப்பில் என்ன சொல்லியிருக்கிறதோ அதுதான் பொருள். கிண்டலில் சொன்னது ஒன்று, சொல்ல வந்தது அதற்கு நேர்மாறு. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பாதை எழுதியவரின் குரலில் இருக்கும். எழுத்தில் அது காணாமல் போய்விடும்.

மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு தங்கை எழுதிய பதிவு இது:

"அருமை! வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் புதிய பதிப்பை ஏற்றிய குழுவினர் அவர்களுக்கு மிக்க நன்றி. வார இறுதியில் நமக்கு வேறு என்ன வேலை? இனியும் இப்படியே தொடருவோம்."

அவள் இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. 'அருமை' இழுபட்டிருக்கும். 'மிக்க நன்றி'யில் ஒரு அழுத்தம் விழுந்திருக்கும். எழுத்தில் 'அவர்கள்' என்ற மரியாதை வெறும் மரியாதையாகத்தான் நிற்கிறது.

பதிவு போனதும் மூன்று விதமாகப் பதில் வந்தது. அவளோடு உட்கார்ந்து வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர், வெள்ளிக்கிழமை ஏற்றுவதைச் சோதனைப் பிரிவே விரும்புகிறது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வெளியீட்டையும் அதே நேரத்துக்குக் குறித்துவிட்டார். பதிப்பை ஏற்றியவரோ, தான் ஏன் அன்று ஏற்ற வேண்டிவந்தது என்று நீளமாக விளக்கம் எழுதினார். தொனி தவறிப் போனதற்கு அடையாளம் இவைதான்: யாராவது சொல்லை அப்படியே எடுத்து அதன்படி நடப்பார், அல்லது யாராவது கேட்காத குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வார். சிரித்தவர்களின் எண்ணிக்கை இதில் எதையும் காட்டாது.

"அக்கா, படிச்சா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னுதான் நினைச்சேன்" என்றாள் அவள். இப்படி நினைப்பது மிக இயல்பு. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கிண்டலான வாக்கியங்களையும் நேரான வாக்கியங்களையும் பங்கேற்றவர்கள் குரல் வழியாகவும் மின்னஞ்சலிலும் அனுப்பினார்கள். எந்த வழியானாலும் சுமார் 78 சதவீதம் சரியாகப் புரியும் என்று அனுப்பியவர்கள் எதிர்பார்த்தார்கள். குரலில் 73 சதவீதம் புரிந்தது. மின்னஞ்சலில் 56தான். கிண்டலா, இல்லையா என்று கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாக வந்துவிடும். 56 அதற்குக் கொஞ்சம் மேலே. எழுதுகிறவருக்குத் தன் வரி தன் குரலிலேயே காதில் விழுவதால், காகிதத்தில் என்ன குறைகிறது என்று தெரிவதில்லை.

"ஒரு சிரிப்புக் குறி போட்டுடலாமா?" என்பதுதான் வழக்கமாக வரும் அடுத்த கேள்வி. அது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் 1982இல் :-) குறியை முன்வைத்ததே, கணினியில் எழுதும் வேடிக்கைகளை மற்றவர்கள் உண்மை என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்கத்தான். அந்தக் குறி, 'இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே' என்று சொல்லும். அப்படியானால் எப்படி எடுத்துக்கொள்வது என்று சொல்லாது. இந்தப் பதிவில் அதைச் சேர்த்தால் புதியவரின் குழப்பம் ஒருவேளை தீரலாம். பதிப்பை ஏற்றியவருக்கோ, குத்திவிட்டுச் சிரிப்பதாகத் தோன்றும்.

ஆகவே குறியை விட்டுவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் அவள் உண்மையில் நினைத்ததை எழுதச் சொன்னேன். 'அருமை'க்குப் பக்கத்தில் 'எரிச்சலாக இருந்தது'. 'நன்றி'க்குப் பக்கத்தில் 'அந்த நேரத்தில் ஏற்றியிருக்கக் கூடாது'. 'இப்படியே தொடருவோம்' என்ற இடத்தில் அவள் பேனா நின்றுவிட்டது. தொடரக் கூடாது, சரி, அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும்? பதிவில் அது எங்குமே இல்லை. கிண்டல் எது பிடிக்கவில்லை என்பதைக் காட்டும். எது வேண்டும் என்பது பெரும்பாலும் எழுதுகிறவருக்கே தெளிவாகாமல் உள்ளே கிடக்கும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வியாழன் மதியத்துக்கு அப்புறம் எதுவும் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான்" என்றாள்.

அடுத்தது, குத்து யார் மேல் விழுகிறது என்ற கேள்வி. அவள் கோபம் நேரம் குறித்து எந்த விதியும் இல்லாததன் மேல். ஆனால் 'குழுவினர் அவர்களுக்கு' என்று எழுதியதால் அது ஆட்கள் மேல் போய் விழுந்தது. எழுத்தில் இலக்கைப் பெயர் சொல்லிக் காட்டாவிட்டால், படிக்கிறவர்களில் யாருக்கு வலிக்குமோ அவரே தன்னை இலக்காக எடுத்துக்கொள்வார்.

திருத்தியபின் பதிவு இப்படி ஆனது:

"வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் புதிய பதிப்பு ஏறியது. ஆறரைக்குப் பணம் செலுத்தும் பக்கம் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் கிளம்பிவிட்டதால் சனிக்கிழமை மதியம்தான் பக்கம் திரும்ப வந்தது. எனக்கு இது மிகவும் எரிச்சலாக இருந்தது. ஏற்றியவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. அப்படி ஒரு விதியே நம்மிடம் இல்லை. இப்படியே போனால் சனிக்கிழமையையும் வேலைநாள் என்று நாட்காட்டியில் அச்சடித்துவிடலாம். வியாழன் மதியத்துக்குப் பிறகு பதிப்பு ஏற்றுவதில்லை என்று முடிவு செய்வோமா?"

கோபத்தை நான் எடுக்கவில்லை. எடுத்தால் அது அவள் பதிவாக இருக்காது; மேலும், எரிச்சல் என்பதும் குழுவுக்குத் தெரிய வேண்டிய செய்திதான். முன்பு கிண்டலுக்குள் மறைந்திருந்த அதை ஒரு நேரான வாக்கியமாக்கினோம், அவ்வளவே. நாட்காட்டி வரி மட்டும் கிண்டலாகவே இருக்கிறது. அதற்கு முன்னால் என்ன நடந்தது, எழுதுகிறவர் எந்தப் பக்கம் என்பதெல்லாம் வந்துவிட்டதால் அதைத் தவறாகப் படிப்பது கடினம். முதலில் அவள் அதைக் கடைசி வரியாக வைத்திருந்தாள். கடைசி வரிக்குத்தான் ஆட்கள் பதில் எழுதுவார்கள் என்பதால் அதை மேலே தள்ளிவிட்டு, கோரிக்கையை முடிவில் வைத்தோம்.

அப்புறம் சோதித்துப் பார்த்தோம். அவளை அறியாத வேறு பிரிவு நண்பர் ஒருவரிடம் கொடுத்து, "இதை எழுதியவர் உங்களிடம் என்ன கேட்கிறார்?" என்று மட்டும் கேட்டேன். 'கிண்டல் புரிகிறதா' என்று கேட்டால் புரியாதவரும் ஆமாம் என்றுதான் சொல்வார். பக்கத்தில் ஆள் இல்லாதபோது, கைபேசியை உரக்கப் படிக்க வைத்துக் கேட்பேன். ஏற்ற இறக்கம் குறைந்த அந்தக் குரலில் பழைய பதிவு சுத்தமான பாராட்டுரையாகவே ஒலித்தது.

எல்லாவற்றையும் இப்படித் திருத்திக் காப்பாற்ற முடியாது. தவறு ஒரே ஒரு ஆளுடையது, அது யார் என்று எல்லாருக்கும் தெரியும் என்ற நிலையில் கிண்டலை முழுக்க எடுத்துவிடச் சொல்வேன். எவ்வளவு விளக்கம் சேர்த்தாலும் அந்த ஆள் அதைத் தன் மேல் எறிந்த கல்லாகத்தான் படிப்பார். பதிவை யாராவது படம் பிடித்து ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்பக்கூடிய இடத்திலும் அப்படித்தான். வெட்டிய துண்டோடு விளக்கம் கூடவே போகாது.

அவளுக்கு 'அருமை!'யை விட மனம் வரவில்லை. அதை எடுத்தது எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். திருத்திய பதிவு போன அன்றே, பதிப்பை ஏற்றியவர் பதில் எழுதினார்: வியாழன் மதியம் சம்மதம், ஆனால் அவசரப் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு விலக்கு வேண்டும். அந்த விலக்கை யார் அனுமதிப்பது என்பதில்தான் இப்போது இருவருக்கும் வாக்குவாதம்.