பூலாம்பட்டியில் அஞ்சாவது ஞாயிறு: வலது கால் உதை பிடிபட்டது

நாலு ஞாயிறு போராடி, அஞ்சாவது ஞாயிறுதான் கயாக் படகில், துடுப்பு போடும்போது கால் பலகையை அழுத்தும் வலது பக்க உதை சரியாக விழுந்தது. பூலாம்பட்டி கதவணையில் தேங்கி நிற்கும் தண்ணீரில், மதகுப் பக்கமே போகாமல், நெரிஞ்சிப்பேட்டைக்கு ஆள் ஏற்றும் படகுகள் கிளம்பும் முன் காலையிலேயே இறங்கிவிடுவேன்.

கையால் இழுக்காதே, உடம்பைத் திருப்பு என்பது எல்லாரும் சொல்வதுதான். நானும் திருப்பிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அரை மணி நேரத்தில் முன்கை கல்லாகிவிடும், விலாவிலோ முதுகிலோ அலுப்பே இருக்காது. அதாவது உடம்பு தன்பாட்டுக்குத் திரும்புகிறது, அந்தத் திருப்பம் துடுப்புக்குப் போய்ச் சேரவில்லை.

விஷயம் புரிந்தது வீட்டுச் சுழல் நாற்காலியில். அது உருளாமல் மனைவி பின்னால் பிடித்துக்கொள்ள, இரண்டு பாதத்தையும் சுவரில் பதித்து, முழங்கால் மடங்கிய நிலையில் வலது காலை மட்டும் அழுத்தினேன். வலது இடுப்பு பின்னால் போகிறது, தொப்புள் வலப்பக்கம் திரும்புகிறது. வலது பக்கம் துடுப்பு போடும்போது உடம்பு போக வேண்டிய திசையும் அதுதான். நான் இத்தனை நாளாக இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றி, முதுகைச் சாய்மானத்தில் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அப்படிச் செய்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், தோள் மட்டும்தான் ஆடும்.

அப்புறம் லாட்ஸ். அக்குளுக்குக் கீழே விரிந்து கிடக்கும் இந்தப் பெரிய தசையின் ஒரு முனை மேற்கை எலும்பில், மறுமுனை கீழ்முதுகிலும் இடுப்பு எலும்பிலும். எங்கள் தாத்தா காலத்தில் மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த கவலை ஏற்றத்தை வைத்துத்தான் எனக்கு இது மனதில் பதிந்தது. மாடு இறங்கி நடந்தால் மட்டும் போதாது, வடம் விறைப்பாக இருந்தால்தான் சால் மேலே வரும். இங்கே கால்தான் மாடு, லாட்ஸ்தான் வடம். தோளைக் காதுப் பக்கம் தூக்கி வைத்திருந்தால் வடம் தொய்ந்துவிடும், அப்போது இடுப்பு திரும்பினாலும் துடுப்பு நகராது, அதை ஈடுகட்ட முழங்கை மடங்கி இழுக்க ஆரம்பிக்கும். தோளைக் கீழே இறக்கி, கையை ஏறக்குறைய நீட்டியே வைத்திருந்தால் இடுப்பு போகும்போது கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

என்னை ரொம்பப் படுத்தியது நேரம்தான். துடுப்பின் அலகு முழுசாக முங்கிய பிறகே உதைக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் அலகு காற்றில் இருக்கும்போதே பாதித் திருப்பம் செலவாகிவிடும். இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம்: முந்தினால் ‘சளப்’ என்று சத்தம் வரும், அலகுக்குப் பின்னால் குமிழி கிளம்பும். சரியாக விழுந்தால் சத்தமே இல்லை, உள்ளங்காலில் ஒரு கனம் தெரியும். அலகு இடுப்புக்கு நேரே வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும், அதைத் தாண்டினால் தண்ணீரைத் தூக்கத்தான் செய்யும்.

கால் பலகையையும் மாற்ற வேண்டியிருந்தது. படகோடு வந்த பிளாஸ்டிக் மிதி அழுத்தினால் வளைகிறது, விற்ற கடையில் கேட்டால் எல்லாமே அப்படித்தான் என்றார்கள். செவ்வாய்பேட்டையில் அலுமினியப் பட்டையும் ரப்பர் ஷீட்டும் வாங்கி, பட்டறையில் துளை போட்டு நானே மாட்டினேன். முதலில் தள்ளி வைத்துவிட்டேன், கால் ஏற்கெனவே நீண்டு கிடந்ததால் உதைக்க இடமில்லை. நாலு செ.மீ. கிட்டே கொண்டுவந்ததும் முழங்கால் மடங்கி நின்றது. இருக்கையில் ஒட்டியிருந்த ஃபோமையும் பிய்த்துவிட்டேன், அது கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு இடுப்பைத் திரும்ப விடவில்லை. படகு வாங்குகிறவர்கள் சாய்மானம் கழற்ற வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள், உயரமான சாய்மானம் இந்த வேலைக்கு எதிரி.

படித்துறையிலிருந்து எதிர்க்கரைப் புளியமரம் வரை முதல் வாரம் 214 தடவை துடுப்பு போட வேண்டியிருந்தது. நேற்று 181, காற்றும் இல்லை. முன்கை சும்மா கிடந்தது, வலது விலாவும் அக்குளுக்குக் கீழேயும்தான் கடுத்தது. அந்த வலி எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மேட்டூர் அணைத் தண்ணீரில் நீளமான ஓட்டம் ஒன்று போக வேண்டும், யாரிடம் அனுமதி கேட்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். குழிவான விங் துடுப்பு மேலும் ஒரு கண் இருக்கிறது.

ஆனால் கரையேறும்போது பரிசல்கார அண்ணன் ஒருவர், “தம்பி, வலப்பக்கம் போட்டா படகு நேரா போவுது, இடப்பக்கம் போட்டா தலையாட்டுதே” என்றார். வீடியோவில் பார்த்தேன், இடது முழங்கால் அசையவே இல்லை. அடுத்த ஞாயிறு இடது கால் மட்டும்தான்.