கும்பகோணத்தில் எந்தக் கடையில் கிடைக்கும்?

அக்டோபர் 14, செவ்வாய்

கும்பகோணத்திலிருந்து ஒரு அம்மா கடிதம் போட்டிருக்கிறார். மகன் கோவில்பட்டி வழியாக வந்தபோது நம் கடலை மிட்டாயை வாங்கிப் போயிருக்கிறார். “மேலே கலர் தேங்காய்த் துருவல் தூவியது. இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்? கோவில்பட்டி என்று போட்ட பாக்கெட் நிறைய இருக்கிறது, அந்த ருசி இல்லை” என்கிறார். நம் பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கத்தரித்து உள்ளே வைத்திருக்கிறார்.

2020-இல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படியிருந்தும் ஊர்ப் பெயரை எங்கெங்கோ அச்சடிக்கிறார்கள். முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பின்பக்கம் தயாரித்தவர் முகவரியும் 14 இலக்க உணவு உரிம எண்ணும் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 16, வியாழன்

கடைப் பெயரை உடனே எழுதிவிட முடியாது. நம் பில் மொத்த வியாபாரியோடு முடிந்துவிடும். அவரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்பது அவர் நோட்டில்தான் இருக்கும்.

திருச்சி அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். புதன்கிழமை கும்பகோணம் லைன் போகும் பையனிடம் பழைய பில்களைப் புரட்டச் சொன்னார். ரெண்டு கடை தேறியது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை போன வாரம்தான் பெட்டி எடுத்திருக்கிறது. பெரிய தெருக் கடை ஜூலையில் எடுத்ததோடு சரி. அங்கே பாக்கெட் மிச்சம் இருந்தாலும் அந்த அம்மாவை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. நாள்பட்டால் கடலையின் எண்ணெயில் சிக்கு வாடை ஏறிவிடும்.

அக்டோபர் 18, சனி

மழை பிடித்துவிட்டது. இன்று பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்தபோது பல்லில் ஒட்டியது. கடலையைக் கொட்டாமல் இன்னும் கொஞ்சம் காய்ச்சினோம், அடுத்த சொட்டு டக்கென்று உடைந்தது. அந்தப் பதத்தில் இறக்கினால்தான் மிட்டாய் மொறுமொறுப்பாக இருக்கும். எவ்வளவு பதமாக இறக்கினாலும் வெல்லம் ஈரத்தை இழுக்கும். பாக்கெட்டின் ஓரம் சரியாக ஒட்டாமல் இருந்தால் ரெண்டே நாளில் பிசுபிசுத்துவிடும்.

மாலையில் பதில் எழுதினேன்:

“அம்மா, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கேளுங்கள். பெயரும் தெருவும் கீழே எழுதியிருக்கிறேன். தீபாவளி முடிந்து 22-ஆம் தேதி புதுப் பெட்டி வந்து இறங்கும், அதற்குப் பிறகு போனால் நல்லது. பேக் செய்த தேதியைப் பாருங்கள். பாக்கெட்டை லேசாக அமுக்கினால் காற்று வெளியேறக் கூடாது. உள்ளே சில்லுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் வாங்க வேண்டாம். கடையில் இல்லையென்றால் ஒரு வரி எழுதுங்கள், பார்சலில் அனுப்புகிறேன்.”

அண்ணாச்சியிடம் இன்னொன்றும் சொல்லிவிட்டேன்: எந்தக் கடை எந்த மாதம் எடுத்தது என்று லைன் பையன் தனியாகக் குறித்து வைக்கட்டும், மாதக் கடைசியில் எனக்கு ஒரு நகல் வேண்டும். சரி என்றார்.