அட்வான்ஸ் பணத்துக்கு ஒரு பக்கக் கடிதம்

மடிப்பாக்கத்தில் நான்கு வருடம் இருந்த வீட்டை 2023 ஏப்ரல் 30 அன்று காலி செய்தோம். வாடகை 15,000, அட்வான்ஸ் 75,000. சாவியைக் கொடுத்தபோது வீட்டுக்காரர் முகம் மலர்ந்துதான் இருந்தார். "பத்து நாள்ல கணக்கு முடிச்சுடலாம் தம்பி" என்றார். மே நடுவில் ஜிபேயில் 20,000 வந்தது. அதோடு சரி. போன் செய்தால், புதிதாகக் குடிவருகிறவர் அட்வான்ஸ் கொடுத்ததும் மீதியைத் தருகிறேன் என்பார். ஒருநாள் பெயிண்டிங்குக்கு 20,000, சமையலறை டைல்ஸ் உடைசலுக்கு 6,000 பிடித்துக்கொள்வதாகவும் சொன்னார். வாயால் சொன்ன கணக்கு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறியது.

கோபத்தில் நான் எழுதிய முதல் கடிதம் மூன்று பக்கம். 2019 கோடையில் தண்ணீர் வராததில் தொடங்கி, மொட்டை மாடியில் துணி காயப்போட விடாதது வரை எல்லாம் அதில் இருந்தது. பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்தப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இதுல உனக்கு எவ்வளவு வரணும்னு எங்கடா இருக்கு?" என்றார். தேடினேன். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் "என் பணம் முழுவதும்" என்று மட்டும் இருந்தது.

அவர் சொன்னபடி முதலில் தேதிகளை எடுத்து வைத்தேன். குடிவந்தது 2019 ஜூன் 1. அட்வான்ஸில் 50,000 வங்கி வழியாகப் போனது, 25,000 ரொக்கம். ரொக்கத்துக்கு ரசீது வாங்கவில்லை. நல்லவேளை, ஒப்பந்தத்திலேயே "ரூ.75,000 பெற்றுக்கொண்டேன்" என்று அவர் கையெழுத்தோடு இருந்தது. காலி செய்வதாக வாட்ஸ்அப்பில் சொன்னது பிப்ரவரி 27, அதாவது ஒப்பந்தம் கேட்ட ஒரு மாதத்துக்கு மேலேயே. சாவி கொடுத்தது ஏப்ரல் 30 மாலை. அன்றே "சாவி ஒப்படைத்துவிட்டேன் சார்" என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். அவரும் கட்டைவிரலைக் காட்டியிருந்தார். காலி செய்த தேதிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வீட்டின் நிலைமைதான் இழுபறி. போகும்போது வீடியோ எடுத்திருந்தேன். வரும்போது எடுக்கத் தோன்றவில்லை. ஆனால் 2019 மே மாதம் வீடு பார்க்கப் போனபோது மனைவிக்கு அனுப்பிய படங்கள் பழைய போனில் கிடந்தன. சமையலறை மேடையைக் காட்டும் படத்தில், சிங்குக்கு வலப்பக்கம் மூன்றாவது டைலில் மூலைக்கு மூலை ஒரு கீறல். பெரிதாக்கிப் பார்த்தால் கறுப்பாக அழுக்கேறியிருப்பதுகூடத் தெரிந்தது. 6,000 ரூபாய் டைல்ஸ் கணக்கு அந்த ஒரு படத்தோடு முடிந்தது.

பெயிண்டிங் விஷயத்தில் ஒப்பந்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்குப் பிடித்துக்கொள்ளலாம் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டிருந்தால் பிறகு வாதாடுவது கஷ்டம். எங்களுடையதில் அந்த வரி இல்லை. "இயல்பான தேய்மானம் நீங்கலாக, எடுத்த நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும்" என்று மட்டும் இருந்தது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தின் பின்னிணைப்பும், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, சுவருக்கு வெள்ளையடிப்பதை உரிமையாளர் பக்கம்தான் வைத்திருக்கிறது. குழாய், தாழ்ப்பாள், சுவிட்ச் மாதிரி சின்னப் பழுதுகள் குடியிருப்பவர் தலையில். நான்கு வருடத்தில் மங்கிய சுவருக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் சின்ன அறையில் என் பையன் கிரேயானால் ஒரு முழு ரயிலே ஓட்டியிருந்தான். அது தேய்மானம் ஆகாது.

அதைக் கடிதத்தில் சொல்லவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சித்தப்பா சொல்லச் சொன்னார். நாமே ஒத்துக்கொண்டு ஒரு தொகை போட்டுவிட்டால், வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு தொகை போட இடமிருக்காது. பெயிண்டரிடம் கேட்டேன், ஒரு சுவருக்கு 3,000 என்றார். இறுதியில் போன கடிதத்தின் நடுப்பகுதி இது:

"தங்கள் வீட்டில் 01.06.2019 முதல் 30.04.2023 வரை குடியிருந்தேன். வாடகை பாக்கி எதுவும் இல்லை. 30.04.2023 அன்று சாவியை ஒப்படைத்தேன். அன்றைய நிலைமையைக் காட்டும் படங்கள் இணைப்பில் உள்ளன. சமையலறை டைலில் உள்ள கீறல் நான் குடிவரும் முன்பே இருந்தது. 2019 மே மாதப் படமும் இணைப்பில் உள்ளது. சின்ன அறையின் ஒரு சுவரில் உள்ள கிறுக்கல், ஒரு குழாய், ஒரு அலமாரிக் கைப்பிடி ஆகியவற்றுக்கு நான் பொறுப்பேற்கிறேன்.

அட்வான்ஸ் ரூ.75,000. கழிவு: சுவர் ரூ.3,000, குழாயும் கைப்பிடியும் ரூ.1,100, ஏப்ரல் 30 வரையிலான மின் கட்டணம் ரூ.1,340, ஆக மொத்தம் ரூ.5,440. ஏற்கெனவே தந்தது ரூ.20,000. தர வேண்டிய மீதி ரூ.49,560.

2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் இத்தொகை திரும்பத் தரப்பட வேண்டும். இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். வேறு ஏதேனும் கழிக்க வேண்டும் எனக் கருதினால், பில்லுடன் எழுத்தில் தெரிவிக்கவும்."

பில்லுடன் என்ற அந்த ஒரு சொல்தான் வேலை செய்தது என்று இப்போதும் நினைக்கிறேன். கோர்ட் என்ற வார்த்தையை வேண்டுமென்றே போடவில்லை. எங்கள் ஒப்பந்தம் முத்திரைத்தாளில் எழுதியதே தவிர, அந்தச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ததல்ல. அங்கே போனால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். முடியாததைச் சொல்லி மிரட்டினால் எதிராளிக்கும் அது தெரிந்துவிடும்.

ஜூன் 5 அன்று ஒப்புகை அட்டையோடு பதிவு அஞ்சலில் அனுப்பினேன். (அந்தச் சேவையை 2025இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது அனுப்புகிறவர்கள், கையில் கொடுத்ததற்கான சான்று வேண்டும் என்று கவுன்டரில் கேட்டு வாங்குங்கள்.) அவர் மனைவியின் கையெழுத்தோடு அட்டை திரும்பி வந்தது. அன்று சாயங்காலமே போன். "எதுக்குத் தம்பி தபால் எல்லாம்? நான் என்ன ஓடியா போயிடுவேன்?" என்றார். "இல்ல சார், கணக்கு ரெண்டு பேருக்கும் எழுத்துல இருக்கட்டும்னுதான்" என்றேன். பெயிண்டிங்கைப் பாதிப் பாதியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். கடிதத்தில் இருப்பதுதான் சார் என்று நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் பேசியிருந்தால் மறுபடியும் வாய்க்கணக்கில்தான் போய் நின்றிருப்போம். டைல்ஸ் பற்றி அவர் பேசவே இல்லை.

ஜூன் 19 அன்று 49,000 வந்தது. கூடவே வாட்ஸ்அப்பில் ஈ.பி. பில்லின் படம்: 1,900. நான் மீட்டர் ரீடிங்கை வைத்துப் போட்ட 1,340க்கும் அதற்கும் வித்தியாசம் 560. அந்த பில் மே மாதத்தையும் சேர்த்தது, பெயிண்டர்கள் வேலை செய்த நாட்களும் அதில் உண்டு. சாவி கொடுத்த அன்றைய மீட்டர் படமும் என்னிடம் இருந்தது. அனுப்பலாம் என்று எடுத்தேன், அப்புறம் வைத்துவிட்டேன். "பெற்றுக்கொண்டேன் சார், கணக்கு முடிந்தது" என்று மட்டும் பதில் போட்டேன். உடனே கட்டைவிரல் வந்தது.