உப்பு வைக்காத மூலை

திருநாகேஸ்வரம் ஒப்பிலியப்பன் கோயிலுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். ஆனால் திருவோண விரதத்துக்கென்று அத்தையோடு போனது இதுதான் முதல் தடவை. கும்பகோணத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்தான். காலையில் எதுவும் சாப்பிடாமல் கிளம்பினோம்.

சன்னிதியில் பெருமாள் கிழக்கு நோக்கி நின்றிருக்கிறார். பூமிதேவித் தாயார் அவருக்கு வலப்பக்கத்தில் இருக்கிறாள். அவளுக்கென்று தனிச் சன்னிதி கிடையாது, இருவரும் பிரிவதே இல்லை. மார்க்கண்டேய மகரிஷி துளசிச் செடியடியில் கண்டெடுத்து வளர்த்த பெண் அவள். அவளைப் பெண் கேட்டுப் பெருமாள் கிழவராக வந்தபோது, "சின்னப் பெண், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாதவள்" என்று மகரிஷி தயங்கினாராம். உப்பில்லாமலே ஏற்றுக்கொள்கிறேன் என்றார் பெருமாள். அன்றிலிருந்து இங்கே பெருமாளுக்குப் படைக்கும் தளிகையில் உப்பே இல்லை. நம்மாழ்வார் 'தன்னொப்பாரில் அப்பன்' என்று பாடிய பெருமாள், ஊர் வாயில் உப்பிலியப்பனாகவும் ஆனார். உப்புச் சேர்ந்த பண்டம் எதையும் கோயிலுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது ஐதீகம்.

சிரவண தீபம் சேவித்துவிட்டு, அத்தைக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குப் போனோம். விரதக்காரர்களுக்கு அங்கே உப்பில்லாமல் சமைத்து இலை போடுவார்கள். பரிமாற ஆள் குறைந்ததால் கறியமுது வாளியை என் கையில் கொடுத்தார்கள். உட்கார்ந்து சாப்பிடும்போது இலை எதிரே இருக்கிறது, அவ்வளவுதான். வாளியோடு குனிந்து மேலிருந்து பார்க்கும்போதுதான் அது ஒழுங்காகப் பாத்தி பிரித்த வயல் மாதிரி தெரிந்தது.

"நுனி இடப்பக்கம் வரணும்டா" என்று ஓர் இலையைத் திருப்பிப் போட்டாள் அத்தை. குறுகிய பக்கத்தில் கொஞ்சமாக வைக்கிற பண்டங்கள் போகும். அகன்ற பக்கம் வலக்கைக்கு நேரே இருந்தால்தான் பிசைய இடம் கிடைக்கும். நடு நரம்புதான் வரப்பு. அதற்கு மேலே கறி, கூட்டு, பச்சடி, கீழே சாதம். முதலில் வலது கீழ் ஓரத்தில் ஒரு கரண்டி திருக்கண்ணமுது விழுந்தது. பாயசத்துக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர்.

முதல் வரிசையில் நான் தப்புச் செய்தேன். வாழைக்காய்க் கறியைத் தாராளமாக, நரம்பை ஒட்டி வைத்துக்கொண்டே போனேன். சாதத்தில் சாற்றமுது ஊற்றியதும் ரசம் வரப்பைத் தாண்டி ஓடிக் கறியை நனைத்தது. ஒரு பெரியவர் விரலால் கறியை மேலே ஒதுக்கிவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். எனக்குத்தான் மனசு கூசியது. அடுத்த பந்தியில் இலையின் மேல் விளிம்பை ஒட்டி, எலுமிச்சம்பழ அளவுக்கு மட்டும் வைத்தேன். குழம்பு, சாற்றமுது, மோர் என்று சாதம் மூன்று தடவை வரும். வேண்டியவர்கள் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பண்டங்கள் தள்ளித் தள்ளி இருந்தால்தான் ஒன்றின் சாறு இன்னொன்றில் இறங்காது.

ஆனால் எல்லா இலையிலும் இடது மேல் மூலை வெறுமையாக இருந்தது. வழக்கமாக உப்பும் ஊறுகாயும் வைக்கும் இடம். உப்பு இல்லாமல் ஊறுகாய் நிற்காது, கெட்டுப்போகும். அப்பள மாவிலும் உப்பு உண்டு, அதனால் அப்பளமும் இல்லை. கை தானாக அந்த மூலைக்குப் போனபோது அத்தை பார்த்துவிட்டாள். "அங்கே ஒண்ணும் வைக்காதே. அது தாயாருக்காக அவர் விட்டுக்கொடுத்த இடம்" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வோர் இலையிலும் அந்த மூலையைப் பார்த்துவிட்டுத்தான் கரண்டியைச் சாய்த்தேன்.

சமைத்த மாமியிடம் பக்குவம் கேட்டேன். உப்பில்லாவிட்டால் புளிப்பு முன்னால் வந்து நிற்குமாம், அதனால் புளியைப் பாதியாகக் குறைத்து ஒரு துண்டு வெல்லம் சேர்க்கிறார். உப்புத்தான் காயிலிருந்து நீரை இழுக்கும். அது இல்லாததால் கறி சீக்கிரம் வறண்டுவிடும் என்று கடைசியில் தேங்காய்த் துருவலும் மிளகுப் பொடியும் தூவி இறக்குகிறார். "ருசி பார்க்கவும் முடியாது, பெருமாள் முதலில் சாப்பிடணுமே. மணத்தை வைச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்" என்றார்.

மூன்றாம் பந்தியில் எனக்கும் இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். முதல் கவளம் சப்பென்றிருந்தது. இரண்டாவதில் நெய் தெரிந்தது, பிறகு பருப்பு, பிறகு வாழைக்காயின் லேசான துவர்ப்பு. இத்தனை வருஷமாக வாழைக்காய்க்கு அப்படியொரு ருசி உண்டென்று எனக்குத் தெரியாது. மோர் சாதம் வந்ததும் விரல் பழக்கத்தில் இடது மூலைக்குப் போனது. அங்கே பச்சை இலை மட்டும் இருந்தது. அதைத் தொட்டுவிட்டு, மோர் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தேன்.