811-ஆ, 118-ஆ: சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய படம்

கே.எல். சென்ட்ரலில் காலை ரயிலைப் பிடித்து, ஈப்போ தாண்டி, அடுத்ததாகச் சுங்கை சிப்புட்டில் இறங்கியபோது என் கையில் ஒரு துணிப் பையும் அதற்குள் துண்டில் சுற்றிய, சட்டம் போட்ட ஒரு படமும் இருந்தன. படத்தில் ஒரு பெண் நாற்காலிப் பக்கத்தில் நிற்கிறாள். பின்னால் மாடிப்படியும் திரைச்சீலையும் வரைந்த ஸ்டூடியோ சீலை, காலடியில் கறுப்புக் கம்பளம். காதில் தண்டட்டி, தோள் வரை தொங்கும் வடித்த காது.

இந்தப் பெண் யார் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. சின்ன மாமா, இது பாட்டிதான் என்பார். அம்மா, இல்லை, பாட்டியின் அக்கா, ஊருக்குக் கப்பல் ஏறிப் போனவர் என்பார். பாட்டிக்கு நான் பார்த்த நாளில் சாதாரணக் காதுதான், சின்னத் தோடு. அதற்கும் மாமாவிடம் பதில் உண்டு: "அந்தக் காலத்துல வடிச்ச காதை வெட்டித் தச்சுக்கிட்டாங்கடா. நாகரிகம்." அப்படிச் செய்துகொண்டவர்கள் நிறையப் பேர் உண்டு என்பதால் மாமாவை மடக்கவும் முடியவில்லை.

படத்தின் பின்னால் ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரை. அதற்குக் கீழே பென்சிலில் 3208. அதை நம்பித்தான் கிளம்பினேன்.

சுங்கை சிப்புட் என்றால் பலருக்கு 1948 ஜூன் 16 நினைவுக்கு வரும். தோட்டத்துத் துரைமார் மூன்று பேர் சுடப்பட்டு, அவசரகாலம் பிறப்பிக்கப்பட்ட கதை. எனக்கு அது அம்மாவின் ஊர், அவ்வளவுதான். சுற்றிலும் இருந்த ரப்பர் தோட்டங்களிலிருந்து சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் இங்கே வந்து இறங்குவார்கள். மளிகை, துணி, படக்கொட்டகை, அப்புறம் ஸ்டூடியோ. ஒரு கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் பசியாறிவிட்டு, முத்திரையில் இருந்த தெருவைத் தேடிப் போனேன்.

ஸ்டூடியோ இப்போது இல்லை. கீழே கைப்பேசிக் கடை. ஆனால் மேல்மாடியில் படம் பிடித்தவரின் மகன் இருக்கிறார், எழுபதைத் தாண்டிய சீனர். படத்தைக் காட்டியதும் "வாங்க தம்பி, மேல வாங்க" என்றார், சுத்தமான தோட்டத்துத் தமிழில். பழைய தோட்டப் பட்டணத்துக் கடைக்காரர்களிடம் இது ஆச்சரியமில்லை. நான் அங்கிள் என்றே கூப்பிட்டேன்.

அவர் அப்பா வைத்துவிட்டுப் போன பதிவேடுகள் நான்கு, கோடு போட்ட தடித்த கணக்குப் புத்தகங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு எண், தேதி, பெயர், இடம், பிளேட் என்கிற கண்ணாடி நெகட்டிவின் அளவு, எத்தனை பிரதி, எவ்வளவு முன்பணம் என்பதெல்லாம் ஆங்கிலத்தில். ஓரத்தில் சீன எழுத்தில் குறிப்புகள். 3208-ஐத் தேடினோம். 1953, ஒரு சீனக் கல்யாண ஜோடி.

என் முகத்தைப் பார்த்து அங்கிள் சிரித்தார். பென்சிலில் இருந்தது நெகட்டிவ் எண் இல்லை, ரசீது எண் என்றார். அப்பா இரண்டு கணக்கு வைத்திருந்தாராம். படம் பிடித்ததும் பிளேட்டுக்கு ஓர் எண். வாடிக்கையாளர் பிரதி வாங்கிப் போகும்போது ரசீதுக்கு வேறோர் எண், அதைத்தான் படத்தின் முதுகில் எழுதுவார். ஒரே பிளேட்டிலிருந்து பத்து வருஷம் கழித்துப் பிரதி கேட்டு வந்தாலும் பிளேட் எண் மாறாது, ரசீது எண் புதிதாக இருக்கும். ரசீதுப் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது. ஆக, முதுகில் இருந்த எண் இனி எதற்கும் உதவாது.

"முன்னாடி பாருங்க. கீழ் ஓரம்," என்றார்.

சட்டத்தைப் பின்பக்கமாகத் திறந்து, துருப்பிடித்த சின்ன ஆணிகளைப் பிடுங்கி, படத்தை வெளியே எடுத்தோம். சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த கால் அங்குலத்தில், கறுப்புக் கம்பளத்தின் மேல், எறும்பு அளவில் வெள்ளையாக 118.

வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நெகட்டிவில் மையால் எழுதினால் அந்த மை வெளிச்சத்தை மறைக்கும், அதனால் தாளில் அந்த இடம் வெள்ளையாக விழும். ஊசியால் கீறினால் நேர்மாறு, எண் கறுப்பாக வரும். இங்கே மை. சரி, 118-ஐத் திறந்தோம். குப்புறப் படுத்த குழந்தை, கால் பிளேட், இரண்டு பிரதி.

இந்த இடத்தில் நான் மட்டும் இருந்திருந்தால் பதிவேடே தப்பு என்று முடிவு கட்டி ரயிலேறியிருப்பேன். அங்கிள் எழுந்து போய், ஒரு பழைய கண்ணாடி நெகட்டிவை எடுத்து வந்து சாய்த்துக் காட்டினார். ஒரு பக்கம் வழவழவென்று கண்ணாடி, மறுபக்கம் மங்கலாக, தோல் மாதிரி. அந்த மங்கல் பக்கத்தில்தான் மருந்துப் பூச்சு. கண்ணாடியில் மை ஒட்டாமல் வழுக்கும், பூச்சில் நன்றாகப் பிடிக்கும், அதனால் அந்தப் பக்கம்தான் எண் எழுதுவார்கள். ஆனால் பிரதி போடும்போது பூச்சுப் பக்கத்தைத் தாளோடு சேர்த்து வைக்கிறார்கள். ரப்பர் முத்திரையும் அது பதிந்த தாளும் மாதிரி: நேராக எழுதியது தாளில் இடவலம் மாறி விழும். சில படக்காரர்கள் அதற்காகவே எண்ணை இடவலம் மாற்றி எழுதிப் பழகுவார்கள். இவருடைய அப்பா அதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர். நேராகவே எழுதிவிட்டார்.

ஒரு 3-ஓ 4-ஓ இருந்திருந்தால் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி நின்று காட்டிக் கொடுத்திருக்கும். 8-ம் 1-ம் எப்படித் திருப்பினாலும் அதேதான். 118 என்று நான் படித்தது 811.

இப்போது இன்னொரு சிக்கல், 811 இரண்டு இருந்தன. முதல் புத்தகம் போருக்கு முந்தியது. அதன் கடைசிப் பக்கங்களில் ஆண்டு 2602 என்று இருந்தது. ஏதோ கைத்தவறு என்றுதான் நினைத்தேன். அது ஜப்பானியர் காலத்து ஆண்டுக் கணக்கு, நம் 1942. அதோடு அந்தப் புத்தகம் நின்றுவிடுகிறது. போர் முடிந்து 1946-ல் திறந்தபோது மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறார். பழைய 811 ஒரு பந்தாட்டக் குழு, முழு பிளேட். அது நம்முடையது இல்லை. புதிய 811 இப்படி இருந்தது: 14-9-47, லெட்சுமி, ஒரு தோட்டத்தின் பெயர், அரை பிளேட், 2 பிரதி, முன்பணம் 2 வெள்ளி. அந்தத் தோட்டம் அம்மா பிறந்த தோட்டம். லெட்சுமியை நம் ஊர் வழக்கப்படி நடுவில் டி, சி, எச் எல்லாம் போட்டு எழுதியிருந்தார். அந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது.

அங்கிள் விடவில்லை. பிளேட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடாது என்று பெட்டிகளைப் புரட்டினார். பாதிப் பெட்டிகளில் ஈரத்தில் பூச்சு ஊறி, பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தன. பிரிக்கப் பார்த்தால் முகம் உரிந்து வந்துவிடும், அப்படியே விடுவதுதான் என்றார். 800-களின் பெட்டி மேல்தட்டில் இருந்ததால் பிழைத்திருக்கிறது. நாலே முக்காலுக்கு ஆறரை அங்குலக் கண்ணாடி, ஒரு மூலை உடைந்தது. விளிம்பை மட்டும் பிடித்து, என் கைப்பேசித் திரையை வெள்ளையாக்கி அதன் மேல் தூக்கிக் காட்டினார். கறுத்த முகம், வெளுத்த தலைமுடி, கன்னத்தில் பென்சிலால் மெருகேற்றிய பொடிக் கீறல்கள். பூச்சுப் பக்கம் நம்மைப் பார்த்தபோது எண் நேராக 811, ஆனால் முந்தானை வலது தோளில். திருப்பினால் முந்தானை இடது தோளுக்கு வந்தது, எண் 118 ஆனது. இரண்டும் சேர்ந்து நேராக நிற்கவே மாட்டேன் என்றன.

பிரதியில் வெட்டப்பட்ட ஓரம் ஒன்றும் பிளேட்டில் இருந்தது. சீலைக்கு வெளியே, தரையில் ஒரு சின்னக் கால், செருப்பில்லாமல். யாரோ ஒரு பிள்ளை தன் முறைக்குக் காத்திருக்கிறது.

ஆனால் பதிவேட்டில் இருக்கும் பெயரை உடனே படத்தின் கீழ் எழுதிவிட முடியாது. அது பணம் கட்டியவரின் பெயர். கங்காணி பெயரில் ஆறு பேர் படம், கணவன் பெயரில் மனைவி படம், கிராணி பெயரில் யாருடையதோ படம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. நாற்காலிப் பக்கத்தில் நிற்பவர்தான் லெட்சுமி என்பதற்கு வேறு ஏதாவது வேண்டும். அக்கம்பக்கத்து வரிகளைப் படித்தேன். 812-க்கு நேரே மேற்படிக் குறி, அதாவது அதே லெட்சுமி. கால் பிளேட், சின்ன அளவில் 3 பிரதி. ஏதோ ஆபீஸ் காகிதத்துக்கு எடுத்தது போல. 813: அதே நாள், அதே தோட்டம், குடும்பம், 5 பேர். பெயர் என் தாத்தாவுடையது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஹால்ல மாட்டியிருக்கிற குடும்பப் படத்தைக் கழட்டி, சட்டத்துக்குள்ள கீழ் ஓரத்தைப் பாருங்கம்மா."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. ஆணி கழற்றும் சத்தம், அப்புறம் "எட்டு மாதிரி ஒண்ணு இருக்குடா. பக்கத்துல மூணு, ஆனா திரும்பிக்கிட்டு நிக்குது."

"பாட்டி காதைப் பாருங்க."

"தோடுதான். காது சின்னதாத்தான் இருக்கு."

ஒரே நாள், ஒரே ஸ்டூடியோ, இரண்டு எண் இடைவெளி. சேலையை மாற்றிக்கொண்டிருக்கலாம், நகையைக் கழற்றியிருக்கலாம். காதை அந்த அரை மணி நேரத்தில் வெட்டித் தைத்துக்கொள்ள முடியாது. 811-ல் நிற்பவர் பாட்டி இல்லை. மாமாவின் கட்சி அதோடு சரி.

பாட்டியின் அக்கா பெயர் என்ன என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். முன்பே நான் பெயரைச் சொல்லியிருந்தால் அம்மா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருப்பார். "பெரியம்மான்னுதான் கூப்பிடுவோம்," என்று கொஞ்சம் யோசித்தார். "தாத்தா லெச்சு லெச்சுன்னு கூப்பிடுவாரு." கப்பல் ஏறியது எந்த வருஷம் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. ரஜூலா கப்பல் என்று மட்டும் சொன்னார். அந்த மூன்று சின்னப் பிரதிகள் எதற்கு என்று நான் நினைப்பது ஊகம்தான், அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன்.

கிளம்பும் முன் அங்கிள், பண நோட்டைச் சோதிக்கும் நீல விளக்கைப் படத்தின் ஓரத்தில் அடித்துப் பார்த்தார். தாள் மங்கலாகவே இருந்தது. 1950-களிலிருந்து படத்தாளில் வெண்மைக்காக ஒரு மருந்து சேர்த்தார்கள், அந்தத் தாள் இந்த விளக்கில் பளிச்சென்று நீலமாகும். ஆகவே இது பின்னாளில் போட்ட பிரதியாக இருக்க வாய்ப்பு குறைவு, அன்றைக்கு வாங்கிய இரண்டில் ஒன்றாகவே இருக்கலாம். இன்னொன்று பாட்டியின் அக்காவோடு கப்பலில் போயிருக்கும்.

படத்தைக் கவிழ்த்து, மென்மையான பென்சிலால், 3208-க்குக் கீழே எழுதினேன்: பிளேட் 811, 14-9-47, பதிவேட்டில் லெட்சுமி. அங்கிள் எட்டிப் பார்த்துவிட்டு, தன் அப்பாவின் புத்தகத்தில் அந்த வரியின் ஓரத்தில் சீனத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"சொந்தக்காரங்க வந்தாங்கன்னு."